53 குறிப்புகள்: எதை முதலில் சொல்வது?

கேள்வி: என்னைவிடப் பத்து ஆண்டு மூத்த சக ஆசிரியர், தான் எழுதிய கல்விக் கட்டுரையின் வரைவை இதழுக்கு அனுப்பும் முன் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில், பாடவேளை தொடங்கியதும் ஐந்து நிமிடக் குறுந்தேர்வு வைத்தால் கற்றல் மேம்படுகிறது என்பது கட்டுரை. படித்து முடித்தபோது 53 ஓரக்குறிப்புகள் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் எழுத்துப்பிழைகள். சில, முடிவே சரியா என்று கேட்பவை. அப்படியே கொடுத்தால் மனம் புண்படுவார். குறைத்தால் உதவியாக இராது. எப்படி வரிசைப்படுத்துவது, எப்படிச் சொல்வது? அவர் ஒப்புதலுடன், பெயர்களை நீக்கி, வரைவையும் என் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் 53 குறிப்புகளில் மூன்றுதான் இந்தக் கட்டுரையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை. அவை 19, 31, 40ஆம் எண்களில், ஒற்றுப்பிழைகளுக்கும் அட்டவணைத் தலைப்புகளுக்கும் நடுவே புதைந்து கிடக்கின்றன. பக்க வரிசையில் குறிப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும். வாங்கிப் பார்ப்பவர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போவார். 19ஆம் குறிப்புக்கு வரும்போது களைத்திருப்பார், அதையும் ஒரு சொல் மாற்றத்தில் முடித்துவிடுவார். மனம் புண்படும் என்று நீங்கள் அஞ்சுவதைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

ஆகவே முதல் வேலை, குறிப்புகளைப் பக்கத்திலிருந்து பிரித்தெடுத்து ஒரு தனித் தாளில் கொட்டுவது. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைத் திருத்தாமல் விட்டால் கட்டுரையின் முடிவு நிற்குமா? நிற்காது என்றால் அது முதல் அடுக்கு. முடிவு நிற்கும், ஆனால் படிக்கும் ஆசிரியருக்கு என்ன நடந்தது என்று புரியாது, தன் வகுப்பில் செய்து பார்க்க முடியாது என்றால் இரண்டாம் அடுக்கு. மற்றதெல்லாம் மூன்றாவது. ஒரு குறிப்பு எந்த அடுக்கு என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது உங்கள் ரசனை. அதைத் தள்ளிவிடலாம். 'ஆகவே' என்று அவர் எழுதிய ஐந்து இடங்களில் 'எனவே' என்று மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஐந்தும் போகட்டும்.

முதல் அடுக்குக்கு வருவோம். அட்டவணை 2இல் உள்ள எண்கள் இவை. குறுந்தேர்வு எழுதிய வகுப்பில் 36 பேர், எழுதாத வகுப்பில் 38 பேர். 25 மதிப்பெண்ணுக்கான பின்தேர்வில் முதல் வகுப்பின் சராசரி 17.0, இரண்டாம் வகுப்பின் சராசரி 14.6. திட்டவிலக்கம் இரண்டிலும் ஏறக்குறைய 4.5. இந்த 2.4 மதிப்பெண் வேறுபாடு டி சோதனையில் 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கது என்கிறார். கணக்கு சரிதான். சிக்கல் அதற்கு முந்தைய பத்தியில் இருக்கிறது. முன்தேர்வுச் சராசரிகள் 11.2, 9.4. இவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆகவே இரு வகுப்புகளும் தொடக்கத்தில் சமம் என்று எழுதி, அதன்பின் முன்தேர்வைக் கட்டுரை முழுவதிலும் தொடவே இல்லை.

நீங்கள் 19ஆம் குறிப்பில் 'இது சரியா?' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் இரண்டு சொல்லில் அது அவருக்குப் போய்ச் சேராது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதற்கு, இத்தனை குறைவான மாணவர்களை வைத்துக்கொண்டு வேறுபாட்டை உறுதியாகக் காட்ட முடியவில்லை என்பதுதான் பொருள். சமம் என்று பொருளல்ல. குறுந்தேர்வு வகுப்பு 1.8 மதிப்பெண் முன்னால் நின்றுதான் ஓடத் தொடங்கியது. இறுதியில் 2.4 முன்னால் நிற்கிறது. முன்னேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் ஒரு வகுப்பு 5.8, மற்றொன்று 5.2. இடைவெளி 0.6தான். கட்டுரையின் தலைப்பே தொங்கிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்.

ஆனால் இந்த 0.6ஐ இறுதி விடையாக அவரிடம் கொண்டு போகாதீர்கள். வெறுமனே கழிப்பது ஒரு வழி. முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பின்தேர்வை ஒப்பிடும் இணைமாறுபாட்டுப் பகுப்பாய்வு இன்னொரு வழி. பல ஆய்வாளர்கள் 'ஆன்கோவா' என்றே சொல்வார்கள். அதில் கிடைக்கும் வேறுபாடு பொதுவாக 0.6க்கும் 2.4க்கும் இடையில் எங்காவது விழும். எங்கே என்பது முன்தேர்வும் பின்தேர்வும் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்து போகின்றன என்பதைப் பொறுத்தது. மாணவர்வாரி மதிப்பெண் அவரிடம்தான் இருக்கிறது. கணக்கை அவர்தான் செய்ய வேண்டும். மதிப்பாய்வாளர் விடையைச் சொல்லிவிட்டு அது தவறாகவும் போய்விட்டால், மீதிக் குறிப்புகளின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

19ஆம் குறிப்பை நான் இப்படி எழுதுவேன்:

"பக்கம் 7, அட்டவணை 2. முன்தேர்வில் இரு வகுப்புகளுக்கும் 1.8 மதிப்பெண் இடைவெளி இருக்கிறது. அது குறிப்பிடத்தக்கதாக வராவிட்டாலும், பின்தேர்வு வேறுபாடான 2.4இல் பெரும்பகுதி அங்கிருந்தே வந்திருக்கலாம் என்று படிப்பவர் நினைக்க இடமிருக்கிறது. மாணவர்வாரி முன்தேர்வு மதிப்பெண் உங்களிடம் இருப்பதால், அதைச் சேர்த்து ஆன்கோவா செய்து, சரிசெய்த சராசரிகளை அட்டவணையில் ஒரு பத்தியாகத் தரலாமா? விடை எப்படி வந்தாலும், பக்கம் 11இல் உள்ள முடிவு வாக்கியங்கள் அதையொட்டி மாற வேண்டியிருக்கும். [கட்டாயம்]"

இதில் ஐந்து செய்திகள் இருப்பதைக் கவனியுங்கள்: எந்த இடம், அங்கே என்ன இருக்கிறது, படிப்பவருக்கு அது ஏன் தடை, வெளியேற ஒரு வழி, எவ்வளவு அவசியம். இந்த ஐந்தில் பெரும்பாலும் விடுபடுவது மூன்றாவது. 'ஆன்கோவா செய்யவும்' என்று மட்டும் எழுதினால் அது உத்தரவாகிவிடும். ஏன் என்று தெரிந்தால் அவரே உங்களைவிட நல்ல வழி கண்டுபிடிக்கக்கூடும்.

31ஆம் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பின்னிணைப்பில் இருக்கும் குறுந்தேர்வு வினாக்களையும் பின்தேர்வு வினாத்தாளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். 25 வினாக்களில் 8 சொல் மாறாமல் குறுந்தேர்வில் வந்தவை. பலர் பின்னிணைப்பைத் திறப்பதே இல்லை. அதை எழுதிய விதம்தான் சரியில்லை: 'வினாக்கள் கசிந்துவிட்டன, ஒப்பீடு செல்லாது.' கசிவு என்றால் யாரோ செய்த குற்றம் போலத் தொனிக்கிறது. செல்லாது என்பதும் மிகை. ஒரு வகுப்பு 8 வினாக்களை ஏற்கனவே பார்த்துப் பழகியிருக்கிறது, மற்ற வகுப்பு பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யப் புதிதாக எந்தத் தரவும் வேண்டாம். விடைத்தாள்கள் கையில் இருந்தால் அந்த 8 வினாக்களுக்கு ஒரு மதிப்பெண், மீதி 17க்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துக் கூட்டினால் போதும். வேறுபாடு 8இல் மட்டும் இருந்தால், மாணவர்கள் கேட்ட வினாக்களைக் கற்றிருக்கிறார்கள், மற்றதற்குப் பரவியதாகச் சொல்ல முடியாது. 17இலும் வேறுபாடு தென்பட்டால், கட்டுரை இப்போது சொல்வதைவிட வலுவான ஒன்றைச் சொல்ல முடியும்: கேட்காத வினாக்களிலும் பயன் தெரிகிறது. இந்த இரண்டாவது வாய்ப்பையும் குறிப்பில் எழுதுங்கள். தன் கட்டுரை மேலும் வலுப்பெறக்கூடும் என்று தெரிந்தால், எழுதியவர் அந்தக் கணக்கை அன்றைக்கே உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்.

40ஆம் குறிப்பு, 'நிரூபிக்கிறது' என்ற சொல்லைப் பற்றியது. அதை நீங்கள் சொல்லாட்சிக் குறையாகப் பார்த்து 'காட்டுகிறது' என்று மாற்றச் சொல்கிறீர்கள். உண்மையில் இது வடிவமைப்புச் சிக்கல். ஒரு முறைக்கு ஒரு வகுப்பு, இன்னொன்றுக்கு ஒரு வகுப்பு, இரண்டுக்கும் வேறு வேறு ஆசிரியர்கள். வேறுபாடு வந்தால் அது குறுந்தேர்வாலா, ஆசிரியராலா, அந்த வகுப்பின் இயல்பாலா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. ஆன்கோவாவும் சொல்லாது. ஆய்வு முடிந்துவிட்ட நிலையில் இதை இனித் திருத்தவும் முடியாது. திருத்த முடியாத குறையைச் சுட்டும்போது இரண்டு செய்ய வேண்டும்: அதை வரம்புகள் பகுதியில் அவரே வெளிப்படையாக எழுதச் சொல்ல வேண்டும், அந்த வரம்புக்குள் நிற்கிற ஒரு வாக்கியத்தை மாதிரியாகத் தர வேண்டும். 'இவ்விரு வகுப்புகளில், குறுந்தேர்வு எழுதிய வகுப்பின் சராசரி உயர்ந்திருந்தது. ஆசிரியர் வேறுபாட்டின் பங்கை இந்த ஆய்வால் தனித்துச் சொல்ல இயலாது' என்பது போல. தலைப்பு, சுருக்கம், முடிவுரை மூன்றிலும் இது ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். முடிவுரையை அடக்கி எழுதிவிட்டுச் சுருக்கத்தைப் பழையபடியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இதழின் மதிப்பாய்வாளர் முதலில் படிப்பதோ சுருக்கத்தைத்தான்.

முதல் அடுக்கு இவ்வளவே. இதில் ஐந்தாறு குறிப்புகளுக்கு மேல் சேர்ந்தால், சிலவற்றை நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள் என்றோ, வரைவு இன்னும் மதிப்பாய்வுக்குத் தயாராகவில்லை என்றோ பொருள். இங்கே மூன்றுதான்.

இரண்டாம் அடுக்கில் உள்ளவை பெரும்பாலும் உண்மையான கேள்விகள். கேள்வியாகவே எழுதலாம். அட்டவணை 1இல் 40, 42 மாணவர்கள், அட்டவணை 2இல் 36, 38. எட்டுப் பேர் எங்கே போனார்கள்? பின்தேர்வு நாளில் வராதவர்கள் என்றால் அதை ஒரு வரியில் சொல்லி, அவர்களின் முன்தேர்வுச் சராசரியையும் தரலாம். விடுபட்டவர்கள் எல்லாரும் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களாக இருந்தால் மட்டும் இது முதல் அடுக்குக்கு ஏறும். குறுந்தேர்வு நடந்த அந்த ஐந்து நிமிடத்தில் மற்ற வகுப்பு என்ன செய்தது? விடைகளை உடனே பேசித் திருத்தினார்களா, தாளை வாங்கி வைத்தார்களா? இதைச் சொல்லாவிட்டால் படிக்கும் ஆசிரியரால் செய்து பார்க்க முடியாது. மாணவர், பெற்றோர் ஒப்புதல் பற்றி வரைவில் ஒரு சொல்லும் இல்லை. பெற்றிருந்தால் ஒரு வாக்கியம் போதும். பெறவில்லை என்றால், அனுப்பப்போகும் இதழின் விதி என்ன என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது. இதைக் குறிப்பில் எழுதுவதற்கு முன் அவரிடம் வாயால் கேளுங்கள்.

இந்த அடுக்கில் நீங்கள் எழுதாத ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். பின்தேர்வு, கடைசிக் குறுந்தேர்வுக்கு மறுநாளே நடந்திருக்கிறது. நினைவிலிருந்து மீட்டெடுத்துப் பழகுவதன் பயன் காலம் கடந்த பிறகே நன்றாக வெளிப்படுகிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உரைப்பகுதி ஒன்றைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடத்துக்குப் பிறகு வைத்த தேர்வில் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் சக ஆசிரியரின் வரைவில் இந்த ஆய்வு மேற்கோளாக இருக்கிறது, ஆனால் காலம் பற்றிய பகுதி விடுபட்டிருக்கிறது. அதே பாடங்களிலிருந்து பருவத் தேர்வில் வந்த வினாக்களின் மதிப்பெண் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் அல்லவா? இரு வகுப்புகளுக்கும் பொதுவான வினாத்தாளாக இருந்தால், அதை எடுத்துச் சேர்த்தால் கட்டுரைக்கு ஒரு தாமதத் தேர்வு கிடைத்துவிடும். 'செய்தால் நல்லது' என்ற குறியுடன் இதை வையுங்கள், கட்டாயமாக அல்ல.

மூன்றாம் அடுக்குக்கு அதிக நேரம் தர வேண்டாம். எழுத்துப்பிழைகளை எல்லாம் பக்கம், வரி எண்ணுடன் கடைசித் தாளில் ஒரே பட்டியலாகப் போடுங்கள். ஆனால் பக்கம் 7, 8, 11இல் உள்ளவற்றை அடித்துவிடுங்கள். முதல் அடுக்குக் குறிப்புகளை அவர் ஏற்றால் அந்தப் பத்திகள் மொத்தமாக மாறும். போகப்போகிற வாக்கியத்துக்கு ஒற்று திருத்துவது உங்கள் நேரத்துக்கும் கேடு. ஒற்றைத் திருத்திவிட்டீர்கள் என்றால் வாக்கியம் ஏற்கப்பட்டது என்றுகூட அவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பிழை பல இடங்களில் வந்தால் ஒருமுறை சொல்லி 'மற்ற இடங்களிலும்' என்று விடுங்கள். இப்படிச் செய்தால் உங்கள் 53 குறிப்புகள் ஏறக்குறைய 20க்கு இறங்கிவிடும். எதையும் மறைக்கவில்லை.

இனி முகப்புக் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் கட்டுரை சொல்வதாக நீங்கள் புரிந்துகொண்டதை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். இது மரியாதைக்காக அல்ல. நீங்கள் புரிந்துகொண்டதும் அவர் சொல்ல வந்ததும் வேறாக இருந்தால், மற்ற எல்லாக் குறிப்புகளுக்கும் முன்பாக அது தெரிந்துவிட வேண்டும்.

அடுத்து, எதை மாற்றக் கூடாது என்று சொல்லுங்கள். 'அருமையான முயற்சி, எளிய நடை' என்று உங்கள் வரைவுக் கடிதத்தில் இருப்பது எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். அதைப் படிப்பவர் 'ஆனால்' எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார். இந்த வரைவின் உண்மையான பலம் பக்கம் 5இல் இருக்கிறது: ஐந்து வினாக்களில் இரண்டு நேற்றைய பாடத்திலிருந்து, இரண்டு சென்ற வாரத்திலிருந்து, ஒன்று சென்ற மாதத்திலிருந்து என்று அவர் கலந்த முறை, அதற்கான ஆறு வார அட்டவணை. இன்னோர் ஆசிரியர் நாளைக்கே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது அது. இதைக் குறித்துச் சொல்லாவிட்டால், பக்க வரம்புக்காக வெட்டும்போது அவர் முதலில் வெட்டுவது இந்தப் பகுதியாகவே இருக்கலாம். மறுகணக்கில் வேறுபாடு மிகச் சிறியதாக வந்தால்கூட, இந்த ஐந்தாம் பக்கத்தை மையமாக வைத்து, குறுந்தேர்வை வகுப்பில் நடைமுறைப்படுத்துவது பற்றிய கட்டுரையாக இதை மாற்ற முடியும். முதல் அடுக்குக் குறிப்புகளை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது, இப்படி ஒரு வழி இருப்பது கண்ணில் படுவதைப் பொறுத்தது. கடிதத்தில் அந்த வழியை வெளிப்படையாக எழுதுங்கள்.

பிறகு மூன்று கட்டாயக் குறிப்புகள், அடுத்து இரண்டாம் அடுக்கு, இறுதியில் பட்டியல். இதழ் ஏற்குமா ஏற்காதா என்ற தீர்ப்பு வேண்டாம். அது இதழாசிரியரின் வேலை, உங்களிடம் அவர் கேட்டதும் அதுவல்ல. 'இதழின் மதிப்பாய்வாளர் இங்கே கேட்பார் என்று நினைக்கிறேன்' என்று சொல்லலாம். அந்த வாக்கியத்தை உண்மையாக அப்படி நினைக்கும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் கருத்தை இன்னொருவர் தோளில் ஏற்றிவைக்க அதைப் பயன்படுத்தினால் வெளியே தெரிந்துவிடும்.

சொற்களில் ஒன்றைக் கவனித்தால் போதும். உங்கள் குறிப்புகளில் 'நீங்கள் கவனிக்கவில்லை', 'நீங்கள் விட்டுவிட்டீர்கள்' என்று பல இடங்களில் வருகிறது. எழுவாயை மாற்றுங்கள்: 'அட்டவணையில் இல்லை', 'படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.' அதற்காகக் குழைந்தும் எழுத வேண்டாம். 'ஒருவேளை, முடிந்தால், என் சிற்றறிவுக்கு எட்டியவரை' என்று மூத்தவர் என்பதற்காக நீங்கள் சுற்றி வளைத்த வரைவுக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில், முன்தேர்வுச் சிக்கல் கட்டாயமா விருப்பமா என்றே எனக்குப் புரியவில்லை. பணிவைக் கடிதத்தின் தொடக்கத்தில் காட்டிவிட்டு, குறிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அவர் மூத்தவர் என்பதால் தாளைக் கொடுக்கும் முறையில் ஒரு மாற்றம் செய்யலாம். முன்தேர்வுச் சிக்கலை மட்டும், தாளைக் கொடுப்பதற்கு முன்னால், தனியாக உட்கார்ந்து பேசுங்கள். 'சார், அட்டவணை 2இல் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை, சேர்ந்து பார்க்கலாமா?' என்று தொடங்கி, 11.2, 9.4, 17.0, 14.6 என்ற நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதும். கழித்தலை அவரே செய்துவிடுவார். மற்றவர்கள் இருக்கும் ஆசிரியர் அறையில் வேண்டாம். இந்தப் பதில் அச்சில் வருவதற்கு முன் இந்தப் பேச்சு முடிந்திருக்கட்டும். அவர் ஒப்புதல் கொடுத்திருந்தாலும், இந்தச் செய்தியை உங்களிடமிருந்துதான் முதலில் கேட்க வேண்டும்.

திருத்திய வரைவு திரும்பி வரும்போது முதல் அடுக்கை முழுதாகச் சரிபாருங்கள். இரண்டாவதில் அவர் ஏற்காதவற்றுக்குக் காரணம் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். மாறாத பத்திகளில் புதிதாகக் குறை கண்ணில் பட்டாலும், அது முடிவைத் தொடாத வரை, இரண்டாம் சுற்றில் சேர்க்க வேண்டாம். முதல் சுற்றிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.